'இன்ட்ரஸ்ட் இல்லை' என்று ஒரே வரியில் பதில் வந்தால் என்ன செய்வது?

பத்து பேருக்கு வாட்ஸ்அப்பில் மெசேஜ் அனுப்பினால் ஏழு பேர் பதிலே போடுவதில்லை. இரண்டு பேர் 'பாக்கலாம்' என்பார்கள். ஒருவர் மட்டும் 'இன்ட்ரஸ்ட் இல்லை' என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுவார். சொந்தமாகச் சின்னத் தொழில் தொடங்கிய யாரைக் கேட்டாலும் ஏறக்குறைய இந்தக் கணக்கைத்தான் சொல்வார்கள். இதில் நம்மை அதிகம் சுடுவது அந்த இரண்டு சொல்தான். அதனால்தான் நாம் அதிகம் சொதப்புவதும் அந்த இடத்தில்தான்.

என் கருத்து என்னவென்றால், அந்த ஒருவர்தான் நமக்கு நல்லது செய்தவர். பதிலே போடாதவரிடம் நாம் இருக்கிறோமா இல்லையா என்றுகூடத் தெரியாது. 'பாக்கலாம்' என்றவர் பின்னால் ஒரு மாதம் அலைவோம். நம்ம ஊரில் 'பாக்கலாம்', 'சொல்றேன்', 'அப்புறம் பேசுவோம்' ஆகிய மூன்றும் பெரும்பாலும் 'வேண்டாம்' என்பதன் மரியாதையான வடிவங்கள்தான். முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லத் தயங்கும் ஊரில், ஒருவர் அதை எழுதியே அனுப்பியிருக்கிறார் என்றால் நமது நேரத்தை மிச்சப்படுத்தியிருக்கிறார். அந்தப் பதிலுக்கு நாம் என்ன பதில் போடுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஓர் உதாரணத்தோடு பார்ப்போம்

புதுச்சேரியின் தெற்கு எல்லையில், தென்பெண்ணை ஆற்றங்கரையோரம் இருக்கிறது சோரியாங்குப்பம். பாகூர் கொம்யூனைச் சேர்ந்த ஊர். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பாகூரைத்தான் சொல்வார்கள். அங்கே ஓர் இளைஞர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வீட்டு நிலத்தில் கிச்சிலிச் சம்பா போட்டிருக்கிறார்கள். மொத்த வியாபாரியிடம் நெல்லாகக் கொடுத்தால் கட்டுப்படியாகவில்லை. அரைத்து, அரிசியாக நேரடியாகப் புதுச்சேரி நகரத்தில் இருக்கும் சைவ ஓட்டல்களுக்கும் மெஸ்களுக்கும் கொடுக்கலாம் என்று நினைக்கிறார். இருபது கடைகளின் நம்பரைச் சேகரிக்கிறார். மாசி மாதம், அறுவடை முடிந்த கையோடு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மெசேஜ் அனுப்புகிறார்.

"வணக்கம் சார். பாகூர் பக்கம் சோரியாங்குப்பத்துலேருந்து பேசுறேன். எங்க நிலத்துல விளைஞ்ச கிச்சிலிச் சம்பா அரிசி இருக்கு. கிலோ 85 ரூபாய். 25 கிலோ மூட்டையா கடைக்கே கொண்டுவந்து தருவேன். சாம்பிள் வேணும்னா சொல்லுங்க."

மோசமான மெசேஜ் இல்லை. யார், எங்கிருந்து, என்ன, என்ன விலை என்று எல்லாமே இருக்கிறது. ஒரு மெஸ் உரிமையாளரிடமிருந்து மதியம் பன்னிரண்டே முக்காலுக்குப் பதில் வருகிறது: "இன்ட்ரஸ்ட் இல்லை."

அந்த இரண்டு சொல்லுக்கு என்ன அர்த்தம்?

தெரியாது. இதுதான் நேர்மையான பதில். அவருக்கு ஏற்கெனவே பத்து வருடமாக அரிசி போடும் ஆள் இருக்கலாம். விலை கட்டுப்படியாகாமல் இருக்கலாம். மாசி மாதத்தில் வரும் அரிசி புது அரிசி, குழையும், மெஸ்ஸுக்கு ஆகாது என்று அனுபவத்தில் அவருக்குத் தெரிந்திருக்கலாம். அல்லது பன்னிரண்டே முக்கால் என்பது மெஸ்ஸில் சாப்பாட்டு நேரம். ஒரு கையில் பில், ஒரு கையில் போன், வந்த மெசேஜையெல்லாம் தள்ளிவிடும் அவசரத்தில் அடித்த பதிலாக இருக்கலாம்.

இந்த நான்கில் எது என்று நமக்குத் தெரியாது என்பதுதான் இங்கே முக்கியம். நேரில் போயிருந்தால் முகத்தைப் பார்த்து ஓரளவு ஊகிக்கலாம். குரலில் அவசரமா எரிச்சலா என்று தெரியும். மெசேஜில் அதெல்லாம் கிடையாது. நாம் வாதாடத் தொடங்கினால், நான்கில் ஏதோ ஒன்றை நாமாக முடிவுசெய்துகொண்டு அதற்கு எதிராக வாதாடுகிறோம். விலைதான் காரணம் என்று நினைத்து விலையைக் குறைப்போம். அவருக்கு விலை பிரச்சினையாகவே இருந்திருக்காது.

சாதாரணமாக நாம் போடும் பதில்கள்

நம் இளைஞர் அடுத்த நிமிடமே என்ன அடிப்பார் என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான்.

"ஏன் சார், என்ன காரணம்னு தெரிஞ்சுக்கலாமா?" கேட்பதற்குப் பணிவாகத்தான் இருக்கிறது. ஆனால் வேண்டாம் என்று சொன்னவரிடம் இன்னொரு வேலை கொடுக்கிறோம். அவர் இப்போது விளக்கம் எழுத வேண்டும். எழுதினால் நாம் அதற்கு மறுப்பு சொல்வோம் என்பதும் அவருக்குத் தெரியும். அதனால் எழுத மாட்டார். நம்பரை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வார், அதுவும் எடுக்கக் கூடாத நம்பராக.

"80 ரூபாய்க்குத் தரேன் சார்." ஒரு நிமிடத்தில் ஐந்து ரூபாய் குறைந்தால், முதலில் சொன்ன விலை உண்மையான விலை இல்லை என்றுதான் அர்த்தம். இன்னும் பிடித்து இழுத்தால் 75-க்கு வரும் என்று வியாபாரம் தெரிந்தவர் யோசிப்பார். நாளைக்கு அவர் நம்மிடம் வாங்க வந்தால்கூட, பேரம் 75-லிருந்துதான் தொடங்கும்.

"ஒரு தடவை டேஸ்ட் பண்ணிப் பாருங்க சார், அப்புறம் நீங்களே கேப்பீங்க." இது அவருடைய முடிவை நாம் ஏற்கவில்லை என்று சொல்வது. "புதுசா தொழில் தொடங்கியிருக்கேன் சார், கொஞ்சம் சப்போர்ட் பண்ணுங்க" என்பது அதைவிட மோசம். அரிசிக்கான பேச்சு போய் இரக்கத்துக்கான பேச்சாகிவிடுகிறது. இரக்கத்தில் ஒரு மூட்டை வாங்குவார். இரண்டாவது மூட்டை வாங்க மாட்டார்.

'நோ சொல்றப்பதான் சேல்ஸே ஆரம்பிக்குது' என்று பயிற்சி வகுப்புகளில் சொல்வதுண்டு. எதிரே உட்கார்ந்து அரை மணி நேரமாகப் பேசிக்கொண்டிருக்கும் வாடிக்கையாளர், 'ஆனா விலை கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கே' என்று தயங்கினால் அது பொருந்தலாம். அவர் பேச்சில் இருக்கிறார், காரணமும் சொல்லியிருக்கிறார். முன்பின் தெரியாத ஒருவருக்கு நாமாக அனுப்பிய மெசேஜுக்கு வந்த இரண்டு சொல் அப்படியில்லை. அங்கே பேச்சு தொடங்கவே இல்லை.

ஏன் வாதம் எடுபடுவதில்லை?

இதற்கு உளவியலில் ஒரு பெயர் இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஜாக் பிரெம் 1966-இல் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். தனது தேர்வு உரிமையில் யாரோ கை வைக்கிறார்கள் என்று மனிதருக்குத் தோன்றினால், அந்த உரிமையை மீட்பதற்காகவே எதிர்த்திசையில் போவார் என்பதுதான் அதன் சாரம். நம் வீட்டுப் பிள்ளைகளிடம் 'இதைச் சாப்பிட்டே ஆகணும்' என்றால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். பெரியவர்களும் அதே கதைதான். 'ஒரு தடவை பாருங்க சார்' என்று மூன்றாவது முறை கேட்கும்போது அவர் அரிசியை மறுக்கவில்லை, நம்மை மறுக்கிறார்.

இதன் மறுபக்கத்தையும் சோதித்திருக்கிறார்கள். பிரான்சில் நிக்கோலா கெகென், அலெக்சாந்தர் பாஸ்குவால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2000-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தெருவில் போகிறவர்களிடம் பஸ்ஸுக்குச் சில்லறை கேட்க வேண்டும். சும்மா கேட்டபோது பத்தில் ஒருவர் அளவுக்குத்தான் கொடுத்தார்கள். 'கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம்' என்று ஒரு வரியைச் சேர்த்துக் கேட்டபோது கிட்டத்தட்டப் பாதிப் பேர் கொடுத்தார்கள். இதுபோன்ற 42 ஆய்வுகளைச் சேர்த்து கிறிஸ்டோபர் கார்ப்பென்டர் 2013-இல் ஆராய்ந்தார். பலன் பரவலாகத் தெரிந்தது. ஆனால் அந்த இடத்திலேயே முடிவெடுக்காத விஷயங்களில் பலன் குறைந்தது.

அதனால் இதை மந்திரம் என்று நினைக்க வேண்டாம். இந்த ஆய்வுகள் கேட்கும் நேரத்தைப் பற்றியவை, மறுத்த பிறகு நடப்பதைப் பற்றியவை அல்ல. நமக்கு வேண்டியது இதிலிருந்து வரும் எளிய பாடம்தான்: முடிவு அவர் கையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தால், நம்மிடமிருந்து தப்பிக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

அப்படியானால் என்ன பதில் போடலாம்?

நம் இளைஞர் இப்படிப் போடலாம்:

"சரிங்க சார். பதில் சொன்னதுக்கு நன்றி. எப்பவாவது கிச்சிலிச் சம்பா தேவைப்பட்டா இந்த நம்பர்ல கூப்பிடுங்க. சோரியாங்குப்பம் அரிசின்னு சொன்னா போதும்."

இதில் மூன்று வேலை நடக்கிறது. 'சரிங்க சார்' என்பதில் அவர் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டாயிற்று. 'ஆனா', 'இருந்தாலும்' எதுவும் இல்லை. நன்றி, பதில் சொன்னதற்கு. அது உண்மையான நன்றி. கடைசி வரியில் என்ன பொருள், எந்த ஊர் என்று இருக்கிறது. ஆறு மாதம் கழித்து அவருடைய வழக்கமான ஆள் சரக்கு தராமல் கைவிரித்தால், வாட்ஸ்அப்பில் 'கிச்சிலி' என்றோ 'அரிசி' என்றோ தேடினால் இந்த மெசேஜ் மேலே வந்து நிற்கும். 'தேவைப்பட்டா கூப்பிடுங்க' என்று மட்டும் போட்டிருந்தால் தேடுவதற்குச் சொல்லே இருக்காது.

இதில் கேள்விக்குறி எங்கேயும் இல்லை என்பதையும் கவனியுங்கள். கேள்வி இருந்தால் அவர் பதில் போட்டாக வேண்டும். கேள்வி இல்லாததால் படித்துவிட்டு அப்படியே விடலாம், அல்லது ஒரு கட்டைவிரல் எமோஜி போடலாம். எமோஜி வந்தால் அதற்கும் பதில் போட வேண்டாம். பேச்சு நல்லபடியாக முடிந்துவிட்டது.

இதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. கடலோர ஊர்களிலிருந்து கூடையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக வரும் மீன்கார அம்மாக்களைப் பாருங்கள். வாசலில் நின்று கூப்பிடுவார்கள். 'இன்னிக்கு வேணாம்மா' என்றால், 'சரிம்மா, வரேன்' என்று அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஏன் வேண்டாம் என்று கேட்டு நிற்பதில்லை. கேட்டு நின்றால் மறுநாள் அந்த வீட்டில் குரல் கேட்டதும் கதவைச் சாத்துவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். நம் மொழியிலேயே விடைபெறும்போது 'போறேன்' என்று சொல்வதில்லை, 'வரேன்' என்றுதான் சொல்கிறோம். வாதாடாமல் கிளம்புவதும் திரும்பி வர இடம் வைப்பதும் அந்த ஒரு சொல்லிலேயே இருக்கிறது.

காரணம் சொல்லி மறுத்தால்?

'ஏற்கெனவே ஒருத்தர்ட்ட வாங்குறோம்' என்று பதில் வந்தால் கதை கொஞ்சம் மாறும். அப்போதும் அந்த ஒருவரைவிட நாம் எப்படி மேல் என்று ஆரம்பிக்கக் கூடாது. அந்த ஆளைத் தேர்ந்தெடுத்தவர் இவர்தானே? "நல்லதுங்க சார். அவங்ககிட்ட சரக்கு இல்லாத நாள்ல அவசரத்துக்குத் தேவைப்பட்டா சொல்லுங்க, பாகூர்லேருந்து அன்னிக்கே கொண்டுவந்துடுறேன்" என்று நிறுத்திக்கொள்ளலாம். காரணத்தை மறுக்கவில்லை, அந்தக் காரணத்துக்குப் பக்கத்தில் நமக்கு ஓர் இடம் கேட்டு வைத்திருக்கிறோம்.

'இனிமே மெசேஜ் அனுப்பாதீங்க' என்று வந்தால் அது வேறு. அது ஆர்வமின்மை அல்ல, கதவைச் சாத்துவது. "சரிங்க சார், இனி அனுப்ப மாட்டேன்" என்று ஒரே வரி. பிறகு பட்டியலிலிருந்து அந்த நம்பரை எடுத்துவிட வேண்டும். அங்கே 'தேவைப்பட்டா கூப்பிடுங்க'கூட வேண்டாம். இந்த இரண்டு பதிலையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான் பலர் செய்யும் தவறு.

மறுபடி எப்போது பேசலாம்?

இங்கேதான் எனக்கும் 'தொடர்ந்து ஃபாலோ-அப் பண்ணணும்' என்பவர்களுக்கும் கருத்து வேறுபாடு. வாரம் ஒருமுறை 'வணக்கம் சார், ஞாபகம் இருக்கா' என்று போடுவது, வாதத்தைத் தவணை முறையில் நடத்துவதுதான். 'காலை வணக்கம்' படம் அனுப்புவதும் அதே கணக்கில் வரும். மறுத்த ஒருவரிடம் மறுபடி பேச ஒரே ஒரு நியாயம்தான் உண்டு: அவர் மறுத்தபோது இல்லாத ஏதோ ஒன்று இப்போது இருக்க வேண்டும்.

நம் உதாரணத்தில் அப்படி ஒன்று தானாகவே வரும். புது அரிசி குழையும், சோறும் அவ்வளவாகக் காணாது. அதனால்தான் சமையல் தெரிந்தவர்கள் பழைய அரிசி கேட்பார்கள். மாசியில் அறுத்த நெல்லில் ஒரு பகுதியை அரைக்காமல் மூட்டையில் வைத்திருந்தால், ஆறு மாதம் கழித்து ஆவணியில் அது வேறு சரக்கு. அப்போது ஒரே ஒரு மெசேஜ்:

"வணக்கம் சார். மாசியில கிச்சிலிச் சம்பா பத்தி மெசேஜ் போட்டிருந்தேன், வேண்டாம்னு சொல்லியிருந்தீங்க. அப்ப இருந்தது புது அரிசி. இப்ப ஆறு மாசம் வச்ச நெல்லை அரைச்சிருக்கோம். தெரியப்படுத்தலாம்னு போட்டேன். வேண்டாம்னா பரவாயில்லை சார்."

அவர் வேண்டாம் என்று சொன்னதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிட்டோம். புதிதாக என்ன இருக்கிறது என்பது ஒரே வரியில் இருக்கிறது. மறுக்கும் வழியும் அதிலேயே இருக்கிறது. நேரம் காலை பத்து மணி அல்லது மாலை நான்கு மணி. சாப்பாட்டு நேரம் இல்லை. இதற்கும் 'இன்ட்ரஸ்ட் இல்லை' என்று வந்தால், அதோடு நம் பக்கத்திலிருந்து முடிந்தது. விலைக் குறைப்பு, தீபாவளி ஆஃபர் எதுவும் புதுச் செய்தி அல்ல. அவர் கூப்பிட்டால் மட்டும் பேச்சு.

இதற்கு ஒரு நோட்டு போதும். பெயர், அனுப்பிய தேதி, அவர் எழுதிய பதில் அப்படியே அதே சொற்களில், மறுபடி பேச என்ன மாற வேண்டும் என்று நான்கு கட்டம். நான்காவது கட்டத்தில் எழுத ஒன்றும் தோன்றவில்லை என்றால், மறுபடி பேச ஒன்றும் இல்லை என்று பொருள். ஞாபகத்தை நம்பினால், ஒருவரே மூன்று முறை மறுத்திருப்பார், நமக்குத் தெரியாமலேயே நான்காவது முறை போய் நிற்போம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மரியாதைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், விளம்பர அழைப்புகளுக்கும் எஸ்எம்எஸ்களுக்கும் 2018-இல் கொண்டுவந்த விதிமுறைகளை 2025 பிப்ரவரியில் இறுக்கியது. பதிவு செய்யாமல் சாதாரண பத்து இலக்க நம்பரிலிருந்து விளம்பர அழைப்போ எஸ்எம்எஸ்ஸோ அனுப்புபவர் மீது 10 நாளில் 5 புகார் வந்தாலே நடவடிக்கை தொடங்கலாம். முன்பு இது 7 நாளில் 10 புகாராக இருந்தது. புகாரை 1909 என்ற எண்ணில் பதியலாம். முறைப்படி பதிவு செய்துகொண்ட நிறுவனங்களுக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு: வாடிக்கையாளர் ஒருமுறை விலகிக்கொண்டால், 90 நாளுக்கு அவரிடம் மறுபடி சம்மதம் கேட்டு அனுப்பக் கூடாது. அவராக விரும்பினால் எப்போது வேண்டுமானாலும் சேரலாம்.

வாட்ஸ்அப் இந்த டிராய் விதிகளின் கீழ் வருவதில்லை. ஆனால் அங்கே பிளாக், ரிப்போர்ட் என்ற இரண்டு பொத்தான் எல்லார் கையிலும் இருக்கிறது. பலர் ரிப்போர்ட் செய்தால் நம்பரையே வாட்ஸ்அப் முடக்கலாம். சோரியாங்குப்பத்து இளைஞருக்குப் போனில் இருக்கும் அந்த ஒரு நம்பர்தான் கடை, கல்லா எல்லாம். மறுத்த ஒருவரிடம் வாதாடி ஜெயிக்கப் போய், மீதி பத்தொன்பது பேரிடம் பேசும் வழியை இழப்பது கட்டுப்படியாகாத வியாபாரம்.

இது எங்கே உதவாது?

நல்ல பதில் போட்டால் எல்லாரும் திரும்பி வருவார்கள் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலானவர்கள் வர மாட்டார்கள். இருபது பேரில் பத்துப் பேர் 'இன்ட்ரஸ்ட் இல்லை' என்றால், பார்க்க வேண்டியது நம் பதிலை அல்ல, முதல் மெசேஜையும் பட்டியலையும். பிரியாணிக் கடைக்குக் கிச்சிலிச் சம்பா அனுப்பினால், எவ்வளவு பணிவாக விடைபெற்றாலும் அரிசி விற்காது. எல்லா மறுப்பும் மதியம் பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் வருகிறது என்று நோட்டில் தெரிந்தால், அனுப்பும் நேரத்தை மாற்ற வேண்டும். மறுப்புகளைச் சேர்த்துப் படித்தால் இப்படிச் சில விஷயம் தானாகத் தெரியும். அதற்காக ஒருவரிடம்கூட 'ஏன் சார்' என்று கேட்க வேண்டியதில்லை.

பாகூரும் புதுச்சேரியும் கடலூரும் ஒரே பேருந்துப் பாதையில் இருக்கும் ஊர்கள். மெஸ் வைத்திருப்பவருக்கு இன்னொரு மெஸ்காரரைத் தெரியும். நமக்கு 'வேண்டாம்' என்றவரிடம் நாளைக்கு யாராவது 'கிச்சிலிச் சம்பா எங்கே கிடைக்கும்' என்று கேட்டால், 'ஒரு பையன் மெசேஜ் போட்டிருந்தான், இரு, நம்பர் தரேன்' என்று சொல்லவும் செய்யலாம், 'ஒருத்தன் இருக்கான், ஆனா விடவே மாட்டான்' என்று சொல்லவும் செய்யலாம். இரண்டில் எது என்பதை அந்த மதியம் நாம் போட்ட மூன்று வரிதான் முடிவு செய்கிறது.